வரிசையில் நிற்கும் அந்நியரின் ஹக்கு

 

நான் குடியிருக்கும் ராயப்பன்பட்டியில் ரேஷன் கடை திறக்கும் நாளன்று காலையில் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். கடை வாசலில் மனிதர்களைவிடப் பைகளே அதிகம் நிற்கும். திராட்சைத் தோட்டத்து வேலைக்கு விடியலிலேயே போக வேண்டிய பெண்கள் வரிசையில் பையை வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் பை வைத்த இடத்தில்தான் இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் பையை முன்னால் நகர்த்த எவரும் துணிவதில்லை. அங்கே காவலரும் இல்லை, கயிறு கட்டிய தடுப்பும் இல்லை.

இதைக் கண்டு எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் பெரிய நேர்மையாளர்கள் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தப் பை யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் பை இன்னார் வீட்டு மருமகளுடையது, ஓரம் கிழிந்த உரச்சாக்கு மேலத் தெருப் பாட்டியுடையது. பையைத் தொட்டால் மாலைக்குள் செய்தி வீடு வந்து சேர்ந்துவிடும். பையைக் காப்பது இந்த அறிமுகமே. இதே மனிதர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தேனிக்கோ மதுரைக்கோ போய் இறங்கினால் எப்படி நடந்துகொள்கிறோம்? அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு என் தவறு ஒன்றையே எடுத்துவைக்கிறேன்.

மதுரை - போடி ரயில் பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு இறுதியில் ரயிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளை நெருங்கும் காலம் தேனிக்கு ரயிலே இல்லை. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில்வே கேட் மூடுவது என்பதே புதிய காட்சி. ஓடுவது ஒரு நாளைக்கு ஒரு சில ரயில்கள்தான். ஆனாலும் பேருந்தும் லாரியும் ஆட்டோவும் நெருங்கியோடும் சாலையில் கேட் மூடிவிட்டால் சில நிமிடங்களில் இரு பக்கமும் நீண்ட வரிசை நின்றுவிடும்.

உறவினர் வீட்டு நிகாஹ் ஒன்றுக்காக வாடகைக் காரில் நானும் என் பத்து வயது மகனும் போய்க்கொண்டிருந்தோம். நிகாஹ் குத்பா என் பொறுப்பு. நேரம் நெருங்கிவிட்டது. அப்போது கேட் மூடியது. எங்களுக்கு முன்னால் ஏறத்தாழ நாற்பது வாகனங்கள். எதிர்த்திசை வாகனங்கள் வர வேண்டிய வலப்பக்கம் காலியாகக் கிடந்தது. ஓட்டுநர் இளைஞர். எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியாக இருந்தார். நான்தான் பின்னிருக்கையிலிருந்து, "வலப்பக்கம் ஏறி முன்னால் போய் நின்றுவிடுங்கள் தம்பி, நேரமாகிவிட்டது" என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஹஜ்ரத், நீங்களே சொல்றீங்க, போறேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

எங்களைப் பார்த்து ஒரு வேன் பின்தொடர்ந்தது. அதன்பின் இரண்டு கார்கள், ஓர் ஆட்டோ. எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் இதே யோசனையைச் செய்திருக்கிறார். அங்கேயும் ஐந்தாறு வண்டிகள் தங்கள் வலப்பக்கத்தை நிறைத்துக்கொண்டு நின்றன. ரயில் போயிற்று, கேட் உயர்ந்தது. எங்கள் கார் எதிரே வந்த அரசுப் பேருந்தின் முகத்துக்கு நேராக நின்றது. பேருந்து பின்னால் போக முடியாது, அதன்பின் லாரி. எங்களாலும் முடியாது, எங்கள்பின் வேன். இடப்பக்கம் நுழையலாமென்றால் ஒழுங்காக நின்றவர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அவர்களும் நகர முடியாமல் நின்றுவிட்டார்கள். ஏனெனில் எதிர்ப்பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் அவர்களுக்கு முன்னால் நின்றார்கள்.

இந்த முடிச்சு எப்படி விழுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். திறந்த கேட்டின் வழியாக ஒரு வரிசை ஒழுங்காகக் கடந்தால், கலப்பு வாகனங்களாக இருந்தாலும் வண்டிக்கு ஏறத்தாழ மூன்று விநாடி போதும். நாற்பது வண்டி கடக்க நூற்றிருபது விநாடி, அதாவது இரண்டு நிமிடம். எதிர்ப்பக்கமும் அதே இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். ஏனெனில் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே செல்கின்றன. தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் சாலைக்கு இரண்டு வழி மட்டுமே உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் வலப்பக்கத்தை அடைத்தால், எதிரே வருகிறவர்கள் தாண்டி வந்து இறங்க இடமின்றித் தண்டவாளத்தின் மேலேயே நிற்பார்கள். இரு பக்கமும் அடைத்துவிட்டால் எவருக்குமே வெளியேறும் வழி இல்லை. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் ஒழுங்காக நின்றும் பயனில்லை. மீதி ஐந்து பேர் போதும்.

இதில் இன்னொன்றும் உண்டு. கேட் கீப்பர் போக்குவரத்துக் காவலர் அல்லர். கேட்டை மூடுவதும் திறப்பதும், ரயில் நிலையத்தோடு தொலைபேசியில் பேசுவதுமே அவர் பணி. சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட்டுகளில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு வழி காட்டும் சிக்னல் கிடைக்கும். தண்டவாளத்தில் வண்டிகள் சிக்கி நின்றால் கேட்டை மூட முடியாது. அடுத்த ரயில் வரும் வேளையாக இருந்தால் அதுவும் வெளியே நிற்க வேண்டியதுதான். நம் அவசரத்தைக் கண்ணால் பார்த்திராத ரயில் பயணிகளும் நமக்காகக் காத்திருப்பார்கள்.

அன்றைக்கு முடிச்சு அவிழ இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. கேட் கீப்பர் பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் காரை ஒட்டி, முறையான வரிசையில், டி.வி.எஸ். ஐம்பதில் ஒரு முதியவர் நின்றார். பின்னால் கீரைக்கட்டுகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீர் தெளித்த சாக்கை அவர் அடிக்கடி இழுத்து இழுத்து மூடிக்கொண்டார். ஒருமுறை திரும்பி என்னையும் என் தொப்பியையும் தாடியையும் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகன் கேட்டான்: "அத்தா, நாம வரும்போது நமக்கு முன்னாடி நின்னவங்க எல்லாம் இப்ப எங்கே?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்ல முயல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். முடிச்சு விழாமல் என் தந்திரம் பலித்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது பேரைத் தாண்டினால் எனக்குக் கிடைக்கும் இலாபம் நூற்றிருபது விநாடி. நான் முன்னால் புகுந்ததால் அந்த நாற்பது பேரும் ஆளுக்கு மூன்று விநாடி பின்னால் போகிறார்கள். கூட்டினால் அதே நூற்றிருபது. ஆக, என் கைக்கு வந்த இரண்டு நிமிடமும் எங்கிருந்தோ உண்டானதன்று. நாற்பது பைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்தது. ஆளுக்கு மூன்று விநாடிதானே என்று மனம் சொல்லும். சந்தையில் நாற்பது கடைகளில் கடைக்கு ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு போகிறவனும் ஒரு பிடிதானே என்பான். மூட்டை நிறைந்துவிட்டதை மட்டும் அவன் சொல்லமாட்டான்.

இரண்டாவதாக, "எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் நின்றால் ஏமாளி" என்னும் பேச்சு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒழுங்காக நிற்பவர் உண்மையிலேயே இழக்கிறார். ஆனால் வலப்பக்கம் ஏறிப் போகிறவர் எனக்கு இழைக்கும் அநீதி, எனக்கு அவர்மேல் ஓர் உரிமையைத் தரலாம். கீரை வியாபாரியின் மேல் எந்த உரிமையையும் தராது. அவர் எனக்கு எதுவும் செய்யவில்லை. நான் பின்தொடர்ந்து போனால் பழிதீர்ப்பது, முறை தவறியவரிடம் அன்று, முறையாக நின்றவரிடமே.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை நினைத்துப் பாருங்கள். தாமதமாக வந்தவர் உட்கார்ந்திருப்பவர்களின் தோள்களைத் தாண்டி முன்வரிசைக்குப் போகிறார். அவ்வாறு போன ஒருவரைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், குத்பாவினிடையே அவரை உட்காரும்படி ஏவி, மற்றவர்களை அவர் துன்புறுத்திவிட்டதைச் சுட்டிக்காட்டியதாக ஹதீஸில் வருகிறது. முன்வரிசை நன்மைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நன்மையை நாடிப் போவதுகூடப் பிறர் தோளை மிதிக்கும் உரிமையைத் தரவில்லை. நிகாஹ் குத்பாவுக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

ஆனால் ஃபிக்ஹு அறிஞர்கள் இங்கே ஒரு விலக்கையும் கூறுகிறார்கள். முன்னால் இடம் காலியாக இருக்க, பின்னால் வந்தவர்கள் அதை நிரப்பாமல் சோம்பலாக உட்கார்ந்துவிட்டால், அவ்விடத்துக்காகத் தாண்டிச் செல்லலாம். இடத்தை விட்டவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே விட்டார்கள். சாலையிலும் இந்த வேறுபாடு பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரு சக்கர வாகனங்கள் தங்கள் இடப்பக்கத்துக்குள்ளேயே, பெரிய வண்டிகளுக்கு இடையில் உள்ள வெளியில் மெல்ல முன்னேறி நிற்பதால் எவருடைய வழியும் அடைபடுவதில்லை. கேட் திறந்ததும் அவை சில விநாடிகளில் கலைந்துவிடும். எதிர்ப்பக்கத்தை நிறைப்பது வேறு. அந்த இடம் காலியான இடமன்று. இன்னும் வந்து சேராதவருக்கு உரிய இடம். அவர் கண்ணுக்குத் தெரியாததால் நமக்குக் காலியாகத் தெரிகிறது. அரசுச் சட்டமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலின் வகைகளில் ஒன்றாகச் சேர்த்து, முதல் முறைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. அபராதம் எழுதுகிறவர் அந்த இடத்தில் இல்லை என்பதுதான் நம் தைரியம்.

அப்படியானால் உண்மையான அவசரக்காரர் என்ன செய்வது? கேட்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் மஜ்லிஸ்களில் கேட்டிருப்பீர்கள். வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். முறை வலப்பக்கத்தாருக்கு உரியது. முதியவர்களுக்கு முதலில் தர அண்ணலார் விரும்பினார்கள். ஆயினும் தாமாகத் தரவில்லை. சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. கிண்ணம் அவர் கைக்கே போயிற்று. மறுத்ததற்காக அவரை எவரும் கடியவில்லை. உரிமை சிறுவருடையது, கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டுமா?

இங்கே நம் வீட்டுப் பெண்மணிகள் அடிக்கடி சந்திக்கும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் நீங்கள் ஐந்தாவதாக நிற்கிறீர்கள். தெரிந்த சாச்சி ஒருவர் வந்து, "நான் உனக்கு முன்னால் நின்றுகொள்ளட்டுமா?" என்கிறார். நீங்கள் பெருந்தன்மையோடு இடம் விடுகிறீர்கள். நீங்கள் கொடுத்தது உங்கள் இடத்தை மட்டுமா? உங்களுக்குப் பின்னால் நிற்கும் இருபது பேரும் ஆளுக்கு ஓரிடம் பின்னால் போய்விட்டார்களே! அவர்கள் இடத்தைக் கொடுக்க உங்களுக்கு என்ன அதிகாரம்? சாச்சிக்கு உதவ வேண்டுமானால் உங்கள் ஐந்தாம் இடத்தை அவருக்குத் தந்துவிட்டு அவருடைய கடைசி இடத்துக்கு நீங்கள் போகலாம். அல்லது பின்னால் திரும்பி அத்தனை பேரிடமும் கேட்கலாம். உடல் நலமில்லாதவர், கைக்குழந்தைக்காரி என்றால் பெரும்பாலும் எவரும் மறுப்பதில்லை. நாம் கேட்பதற்குக் கூச்சப்பட்டு எடுத்துக்கொள்கிறோம், எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுவதில்லை.

காவலர் இல்லாவிட்டால் நம் மக்கள் எந்த விதியையும் மதிக்கமாட்டார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது உண்மையன்று. லோயர்கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் போய்ப் பாருங்கள். குறுகலான வளைவில் இறங்கும் வண்டியும் ஏறும் வண்டியும் சந்தித்தால் ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்பும்போது பின்னால் உருளும். கிளட்ச் சூடேறிப் புகையும். இறங்குகிறவருக்குப் பிரேக்கை அழுத்தி நின்றால் போதும். எங்கள் பகுதி ஓட்டுநர்கள் இருட்டில், எவரும் பார்க்காத வளைவில்கூட மேலேயிருந்து வரும்போது ஓரமாக ஒதுங்கி, விளக்கைத் தாழ்த்தி, ஏறுகிறவரை முதலில் விடுகிறார்கள். ஏறி வருபவர் தமிழரா மலையாளியா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

அங்கே மதிக்கும் விதியை அதே ஓட்டுநர் தேனி கேட்டில் ஏன் மதிப்பதில்லை? நான் யோசித்தவரையில் காரணம் இதுதான்: மலையில் விதியை மீறினால் பலன் அந்த நொடியே தன் தலையில் விழும். லாரி உருண்டால் இருவருக்கும் சேர்ந்தே ஆபத்து. ஊர் ரேஷன் கடையில் மீறினால் மாலையில் வீட்டு வாசலுக்கு வரும். கேட்டில் மட்டும் மீறலின் விலையைப் பெரும்பாலும் பின்னால் நிற்கிறவர்கள் கொடுக்கிறார்கள். அவர்களை நாம் மறுபடி காணப்போவதில்லை. ஆபத்தும் வெட்கமும் அச்சமும் காவல் நிற்காத இடம் அது. நம்முடைய ஈமானைத் தவிர அங்கே காவலுக்கு வேறு எவரும் இல்லை.

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு முன்னால் நின்றவர்கள் எங்கே? கேட் திறந்ததும் ஒருவர் ஆண்டிபட்டிக்கும் ஒருவர் பெரியகுளத்துக்கும் ஒருவர் சந்தைக்குமாகப் பிரிந்து போய்விட்டார்கள். ஹுகூகுல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, உரியவர் மன்னித்தாலன்றித் தீராது என்று நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். பிறர் பணம் என்றால் உரியவரைத் தேடித் திருப்பிக் கொடுக்கலாம். அவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது அவர் பெயரால் தர்மம் செய்துவிட அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். நேரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கீரை வாடிப்போய் அந்த முதியவர் எவ்வளவு விலை குறைத்து விற்றார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அவர் எந்தச் சமயத்தவர் என்பதும் தெரியாது. தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்து, தான் அநீதி இழைத்தவர்களுக்கு அந்த நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் மனிதனைப் பற்றிய நபிமொழியை மிம்பரில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த வரிசையில் டி.வி.எஸ். ஐம்பதும் நிற்கக்கூடும் என்று அதற்குமுன் நினைத்ததில்லை.

நிகாஹுக்கு அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். வேறோர் ஆலிம் குத்பாவை முடித்திருந்தார். எவருக்கும் எந்தக் குறையும் இல்லை. பிரியாணிக்குச் சற்று முன்னால் வந்துவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே ஓட்டுநர், அதே கார், அதே கேட். இம்முறை வீட்டாரும் கூட வந்தார்கள். எங்களுக்கு முன்னால் திராட்சைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு மினி லாரி. வலப்பக்கம் காலியாகவே இருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நில்லுங்கள் தம்பி" என்றேன். அவர் எஞ்சினை அணைத்தார். பின்னாலிருந்து ஒரு கார் ஒலி எழுப்பிக்கொண்டு எங்களைத் தாண்டி வலப்பக்கமாக முன்னே போயிற்று. அதன்பின் இன்னொன்று. என் மகன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி அவற்றை எண்ணத் தொடங்கினான். கேட் உயரும்போது நான்கில் நிறுத்தினான். நாங்கள் நின்ற வரிசை அரை மணி நேரம் நகரவில்லை.